பணம் அவசரம் இல்லை

நான் யார் என்று பதினைந்து வினாடியில் சொல்லத் தெரியாததால் ஒரு கம்பெனியே மூடப்படும் நிலைமை எனக்கு வந்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான், புத்தூரில் பொறியியல் படித்து முடித்த ஒரு பெண், அவளுடைய லேப்டாப், எங்கள் வாட்ஸப் எண்ணில் வண்டியைப் பதிந்து வைத்திருந்த நாற்பது லாரிக்காரர்கள். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் நைனாவிடம், அதாவது அவள் அப்பாவிடம், ஒரே ஒரு லாரி இருந்தது. அதைப் பல வருடம் நான்தான் ஓட்டினேன். அதற்கு முன்னால் திருப்பதியில் ஓட்டல் மேசை துடைத்தேன், கல் குவாரியில் ஜல்லி அள்ளினேன், பலமனேர் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கினேன், லாரியில் கிளீனராக ஏறினேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நின்றதற்கு யாரும் அழவில்லை, நானும் அழவில்லை. ஓர் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். லாரி அதற்குத் தோதான வேலை.

பலமனேரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்கோ நாயுடுபேட்டைக்கோ போவோம். போகும்போது லோடு இருக்கும். திரும்பும்போது இருக்காது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் புரோக்கர் கூப்பிடுவான் என்று வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்போம். கூப்பிட்டால் கமிஷன் போகும், கூப்பிடாவிட்டால் காலி வண்டிக்கு டீசல் போகும். இதைச் சாப்பிடும்போது ஒருமுறை அந்தப் பெண்ணிடம் புலம்பினேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஏன்ணா, டிரைவருங்க எங்க இருக்காங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் போட்டா போதாதா?" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. டிரைவர்கள் வாட்ஸப்பில் வாயால் பேசி அனுப்புவார்கள். எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை டன் வண்டி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் எழுதிய சாப்ட்வேர் அதிலிருந்து பிரித்தெடுத்து, அதே பக்கம் வண்டி வேண்டும் என்று அதே எண்ணுக்குப் பேசி அனுப்பிய சரக்குக்காரருக்கு டிரைவரின் எண்ணையும், டிரைவருக்கு அவர் எண்ணையும் கொடுத்துவிடும்.

திருப்பதியில் புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையம் ஒன்று எங்களையும் ஒரு பேட்ச்சில் சேர்த்துக்கொண்டது. பேட்ச்சின் கடைசியில் டெமோ டே. முதலீடு செய்கிறவர்கள் வந்து உட்காருவார்கள், ஒவ்வொரு கம்பெனியும் மூன்று நிமிடம் பேச வேண்டும்.

அதற்குள் அந்தப் பெண்ணுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. டெமோ டே முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். நைனா புதுப் பெட்டியே வாங்கி வைத்துவிட்டார். அவள் என்னிடம் மறைக்கவில்லை. "டெமோ டேல யாராவது ஒருத்தர் நம்மளத் திரும்ப வந்து பேசச் சொல்லணும்ணா. சொன்னா இருக்கறேன். யாரும் சொல்லலன்னா திங்கக்கெழம பஸ் ஏறிடறேன். கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவள் போய்விட்டால் சாப்ட்வேரைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாது. பழையபடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

மையத்தில் எங்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் பெங்களூரிலிருந்து வருவார். பிறந்தது சித்தூர் என்பதால் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கம்பெனிய யார் ஆரம்பிச்சாங்களோ அவங்கதான் மேடையில தன்னப் பத்திச் சொல்லணும். மொத பதினஞ்சு செகண்ட்ல எதிர்ல உக்காந்திருக்கறவங்க ஒண்ணே ஒண்ணுதான் முடிவு பண்ணுவாங்க. உங்களக் கேக்கலாமா, இல்ல போன எடுத்துப் பாக்கலாமா. இந்த வேலைக்கு இந்த ஆளுதான் சரின்னு அதுக்குள்ள அவங்களுக்குத் தோணணும்."

என்னைப் பேசச் சொல்லி அவர் கையில் போனை வைத்து நேரம் பார்த்தார். எங்கள் பக்கம் மேடை ஏறினால் முதலில் மேடையில் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம் சொல்லியாக வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த தேர்தல் வரை பேசமாட்டார்கள். நான் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது மேடம் கையைத் தூக்கினார்.

"ஆச்சு."

"இன்னா மேடம் ஆச்சு?"

"பதினஞ்சு செகண்ட் ஆச்சு. இன்னும் உங்க பேரே வரல."

இரண்டாவது முறை வணக்கத்தைச் சுருக்கினேன். நகரிக்குப் பக்கத்தில் எந்த ஊர், யாருடைய மகன், எந்த வீட்டில் பெண் எடுத்தது என்று ஆரம்பித்தேன். புது ஊரில் யாரைப் பார்த்தாலும் நாங்கள் இப்படித்தான் சொல்லுவோம், கேட்கிறவரும் இதைத்தான் கேட்பார். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவங்க உங்களுக்குப் பொண்ணு குடுக்கப் போறதில்ல."

மூன்றாவது முறை நான் செய்த வேலைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஓட்டல், குவாரி, மார்க்கெட், கிளீனர், டிரைவர். நேரத்துக்குள் முடிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

"இதக் கேட்டா பணம் குடுக்கமாட்டாங்க," என்றார் மேடம். "எங்கயும் நிக்கமாட்டான்னு நெனைப்பாங்க."

அது உண்மை என்று அந்தப் பெண் பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

நான்காவது முறை மேடமே ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். அதில் என்னை லாஜிஸ்டிக்ஸ் வெட்டரன் என்று போட்டிருந்தது. ஒரு துறையில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று அர்த்தமாம். இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். மேடம் முன்னால் சொல்லும்போது லாஜிஸ்டிக்ஸ் வெட்டரினரி என்று வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வெட்டரினரி பலமனேரில் மாட்டுக்கு ஊசி போடுகிறவர். அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "லாரிக்கு சினை ஊசி போடப் போறியாண்ணா?"

கடைசியில் மேடம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூன்று வாக்கியம் மட்டும் விட்டார். பலமனேர் தக்காளியைச் சென்னைக்கும் நாயுடுபேட்டைக்கும் பன்னிரண்டு வருடம் ஓட்டினவன் நான். திரும்பும்போது பாதி நாள் காலி வண்டிதான். இவள் செய்த சாப்ட்வேரால் இப்போது நாற்பது வண்டிக்காரர்கள் திரும்பும் லோடுக்காக எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புகிறார்கள். நான் யார், எனக்கு இது எப்படித் தெரியும், இதுவரை என்ன நடந்திருக்கிறது. மூன்றும் வந்துவிட்டன. மேடம் இன்னொன்றும் சொன்னார்: "இதுல பணத்தப் பத்திப் பேசவே பேசாதீங்க. எவ்வளவு வேணும்னு கடைசி ஸ்லைடுல வரும். அது பின்னாடி."

நான் தலையாட்டினேன். அதுதான் வினையாகப் போனது.

டெமோ டே அன்று ஹாலில் ஏசி குளிரில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் பேக்டரி வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவருக்கு இடப்பக்கம் பெங்களூரில் மற்றவர்கள் பணத்தைக் கம்பெனிகளில் போடும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள். வலப்பக்கம் ஒரு பேங்க் மேனேஜர். முதலில் பேசியவர்கள் எல்லாரும் தங்கமாகப் பேசினார்கள். பெரிய கம்பெனி பெயர், பெரிய காலேஜ் பெயர் என்று முதல் வாக்கியத்திலேயே இறக்கினார்கள். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். பேக்டரிக்காரர் பாதி நேரம் போனில் மார்க்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறைக்குக் கொஞ்சம் முன்னால் மைக் பிடித்திருந்தவர் ஓர் அறிவிப்புச் செய்தார். பேக்டரிக்காரர் இங்கிலீஷ் கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது என்கிறாராம், முடிந்தவர்கள் தெலுங்கில் பேசலாமாம். அந்த மூன்று வாக்கியத்தை நான் இங்கிலீஷில் மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

"தெலுங்குதானே," என்றாள் அந்தப் பெண். "டெய்லி பேசிக்கினுதான கீற. போ."

தினமும் பேசுவதுதான். ஆனால் டோல்கேட்டில் பேசுவது வேறு, மேடையில் பேசுவது வேறு. மேடையில் ஏறினதும் நான் நினைப்பது தமிழில் ஆகிவிட்டது, வாய் மட்டும் தெலுங்கில் நின்றது. எதிர்த் திரையில் மணி ஓட ஆரம்பித்தது. முதல் வாக்கியம் வரவில்லை. மேடம் சொன்னது மட்டும் மண்டையில் நின்றது: பணம் பின்னாடி. சரி, அதையே சொல்லி ஆரம்பிப்போம், பணத்துக்கு அவசரம் இல்லை, முதலில் நாங்கள் யார் என்று கேளுங்கள் என்று நினைத்தேன். வாய் திறந்தேன்.

"நமஸ்காரம். மாக்கு டப்பு அவசரம் லேது."

எங்கள் தமிழ்-தெலுங்கு எல்லையில் பிறந்தவன் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்யமுடியாது. தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் வேண்டும் என்று பரபரப்பது. தெலுங்கில் அதே அவசரம் என்றால் தேவை. எங்களுக்குப் பணம் தேவையில்லை என்று, பணம் கேட்பதற்காகவே கூட்டிய கூட்டத்தில், மைக்கில் சொல்லிவிட்டேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. பேக்டரிக்காரர் போனைக் கீழே வைத்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக.

"மரி எந்துக்கொச்சினாவ் நாயனா?" என்றார். பிறகு எதற்கப்பா வந்தாய் என்று கேட்கிறார்.

சிரிப்பு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவசரம் இல்லாதவன் இன்றைக்கே எதற்கு வந்தாய் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பணிவாக, "நிதானங்கா இஸ்தே சாலு சார்," என்றேன். நிதானமாகக் கொடுத்தால் போதும்.

பேங்க் மேனேஜர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஏறிவிட்டது.

"வேணாங்கறான்," என்று பேக்டரிக்காரர் பக்கத்திலிருந்த அம்மாளுக்குத் தமிழிலேயே விளக்கினார், "அப்புறம் மெதுவாக் குடுத்தாப் போதுங்கறான். என் மச்சான் பேங்கு ஆளுங்ககிட்ட இப்படித்தான் பேசுவாரு."

பதினைந்து வினாடி முடிந்துவிட்டது. நான் லாரி ஓட்டினவன் என்பதுகூட இன்னும் யாருக்கும் தெரியாது. மேடம் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், இவர் தமிழ் ஆளு," என்றாள் தெலுங்கில். "அவசரம்னு இவர் சொன்னது தமிழ் அவசரம். பணத்துக்கு ஓட்டம் இல்ல, முதல்ல எங்கள யாருன்னு கேளுங்கன்னு சொல்ல வந்தாரு. பன்னெண்டு வருஷம் பலமனேர் தக்காளி ஓட்டின டிரைவரு. எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்பற நாப்பது வண்டிக்காரங்களும் இப்படித்தான் பேசறாங்க. பாதி தமிழ், பாதி தெலுங்கு. லோடு அவசரம்னு ஒருத்தர் சொன்னா, லோடு வேணுங்கறாரா, இல்ல இப்பவே வேணுங்கறாரா? மொதல்ல எங்க சாப்ட்வேர் அது எல்லாத்தையும் இப்பவேன்னு எடுத்துக்கிச்சு. நாளைக்கு லோடு கேட்டவங்களுக்கெல்லாம் இன்னைக்கே குடுத்து திட்டு வாங்கினோம். அப்புறம் உக்காந்து எல்லா நோட்டையும் கேட்டு, அந்த வார்த்தையக் கேட்டா யூகம் பண்ணாம, எப்ப ஏத்தணும்னு திருப்பிக் கேக்கற மாதிரி மாத்தினோம். இங்க வேற எந்த சாப்ட்வேரும் இந்த ஆளுகிட்ட அதக் கேக்காது சார்."

சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவள் மீதி ஸ்லைடுகளை ஓட்டினாள். நான் பக்கத்தில் நின்று, அவள் லாரி என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். கடைசி ஸ்லைடில் எங்களுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று வந்தது. பேக்டரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவசரம் லேதுன்னியே." நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த வாட்ஸப் நம்பர் குடு," என்றார் அவர். "நான் பேசறேன் ஒன்னு."

போனை வாய்க்குக் கிட்ட வைத்து, சித்தூர் பேக்டரியிலிருந்து சென்னைக்கு இருபது டன் கூழ் டிரம் போக வேண்டும், வண்டி அவசரம் என்று அவருடைய பேச்சிலேயே சொல்லி அனுப்பினார். ஹாலில் சிக்னல் சரியில்லை. ஒரு டிக்கூட விழாமல் அப்படியே நின்றது. நேரம் முடிந்ததற்கு மணி அடித்துவிட்டார்கள். நாங்கள் இறங்கினோம்.

"சிக்னல் கெடுத்துடுச்சு," என்றாள் அவள், நாற்காலியில் உட்கார்ந்ததும். முகம் வெளுத்திருந்தது. "பெட்டிய எடுத்துக்கினு போகவேண்டியதுதான்."

"நான் கெடுத்தேன், சிக்னல் இன்னா பண்ணும்."

"நீ கெடுத்தது வேற கணக்குண்ணா."

எங்களுக்கு அடுத்தவன் பால் விற்கும் ஆப் வைத்திருந்த பையன். டெமோ டேக்காக வேண்டிக்கொண்டு முந்தின நாள் மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்திருந்தான். திரையில் அவன் படம் வந்தது, அதில் நெற்றியில் சுருள்முடி விழுந்திருந்தது. திருப்பதிக்காரர்கள் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. பெங்களூர் அம்மாள் மட்டும் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் பேக்டரிக்காரர் போன் அலறியது.

அவர் பதறி எடுத்தார். காதில் வைப்பதற்குள் விரல் பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"சார், லோடு கீதுன்னு மெசேஜ் வந்துச்சு. நான் சித்தூர் பைபாஸ்லதான் காலியா நிக்கறேன். பேக்டரி கேட்டு எந்தப் பக்கம் சார்?"

எங்கள் டிரைவர். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. திருவள்ளூர்ப் பக்கத்துக்காரன். அவசரப்பட்டால் வார்த்தை வார்த்தைக்குச் சார் போடுவான்.

"இல்லப்பா," என்றார் பேக்டரிக்காரர் தணிந்த குரலில், "அது சும்மா டெஸ்ட்டுக்கு."

"இன்னா சார் டெஸ்ட்டு? எப்ப ஏத்தணும்னு கேட்டதுக்கு இன்னைக்கேன்னு போட்டுக்கினு கீறீங்களே சார். டீயப் பாதியில வச்சிட்டு வண்டியத் திருப்பிட்டேன் சார்."

பேக்டரிக்காரர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் இறங்கின பிறகு சிக்னல் வந்து, சாப்ட்வேர் அவரைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. மார்க்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் வந்த கேள்விக்கு, கவனிக்காமல் அவரே இன்றைக்கே என்று தட்டியிருக்கிறார். ஹால் மறுபடி சிரித்தது. மேடையில் மொட்டைப் பையன் தன் பதினைந்து வினாடி ஓடிப்போவதைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், அவனுக்கு மட்டும் நேரத்தை மறுபடி முதலிலிருந்து கொடுத்தார்கள்.

பேக்டரிக்காரர் எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அந்தப் பெண் என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். விடச் சொல்லியும் விடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தபோது அவர் எங்களிடம் வந்தார்.

"டிரம் ஏறிக்கினு இருக்கு," என்றார். "நாளைக்குப் போகவேண்டியது. உங்க ஆளு கேட்டுல வந்து நின்னு ஹாரன் அடிக்கறான், இன்னா பண்றது." அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "பணம் இப்ப தரமாட்டேன். நீதான் வேணாம்னுட்டியே. புதன்கெழம பேக்டரிக்கு வாங்க. இந்த சீசன் லோடு எல்லாத்தையும் உங்க நம்பர்ல போட்டுப் பாக்கறேன். சீசன் முடிஞ்சப்புறம் பணம் பேசலாம். ரெண்டு பேரும் வாங்க. மைக்க மட்டும் இந்தப் பொண்ணு பிடிக்கட்டும்."

அவர் போன பிறகு அந்தப் பெண் தட்டை ஜன்னல் மேல் வைத்துவிட்டு நைனாவுக்குப் போன் போட்டாள். அவர் காது கொஞ்சம் மந்தம் என்பதால் கத்துவார். பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

"நைனா, நான் பெங்களூரு போகல."

"ஏம்மே? பணம் குடுத்துட்டாங்களா?"

"பணம் குடுக்கல. லோடு குடுத்தாங்க. மாம்பழக் கூழு. சீசன் முழுக்க."

பெட்டி வாங்கின கடை திருப்பி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க போவுது?"

"மெட்ராஸ்."

"எத்தினி டன்னு?"

"இருபது. ஏன் நைனா?"

"இல்ல, நம்ம வண்டி நாலு நாளா சும்மாதான் நின்னுக்கினு கீது. அவரண்ட ஒரு வார்த்த சொல்லி வையேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"வாய்ஸ் நோட் அனுப்பு நைனா," என்றாள். "எல்லாரும் வர்ற வரிசையில வா."